20 மைல் வேகத்தில் ஒரு கார் எங்கே நிற்கும்? நம்பிக்கை இடைவெளியும் கணிப்பு இடைவெளியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மணிக்கு 20 மைல் வேகத்தில் போகிற ஒரு கார் பிரேக் போட்டால் எத்தனை அடி தள்ளி நிற்கும்? 50 பதிவுகள் கொண்ட ஒரு தரவும், அதன் மேல் வரைந்த ஒரு நேர்கோடும் கையில் இருக்கின்றன. கோடு சொல்லும் பதில் 61 அடி. இது ஒரு மதிப்பீடுதான் என்பதால் பக்கத்தில் ஒரு இடைவெளியும் வேண்டும். ஒருவர் "55 முதல் 67 அடி" என்கிறார். இன்னொருவர் "30 முதல் 93 அடி" என்கிறார். இருவரிடமும் இருப்பது அதே தரவு, அதே கோடு, அதே 95 சதவீதம். கணக்கில் இருவரும் தவறவில்லை. ஆனாலும் ஒரு இடைவெளி மற்றதைவிட ஐந்து மடங்குக்கு மேல் அகலமாக இருக்கிறது.

முதல் இடைவெளி சராசரிக்கான நம்பிக்கை இடைவெளி, இரண்டாவது கணிப்பு இடைவெளி. இவற்றை மாற்றிப் போடுவது முன்கணிப்பு அறிக்கைகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அது பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடக்கிறது. ஒற்றை நிகழ்வைப் பற்றிக் கேட்டவருக்குச் சராசரிக்கான குறுகிய இடைவெளியைக் கொடுத்துவிடுகிறார்கள். குறுகியது துல்லியமானது போலத் தோன்றுவதால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அப்படிக் கொடுத்தால் என்ன ஆகும், இரண்டாவது ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதை இந்த ஒரே தரவை வைத்துக் கடைசிவரை பார்த்துவிடலாம்.

தரவும் கோடும்

R மென்பொருளை நிறுவினாலே கூட வரும் `cars` என்ற தரவுதான் இது. 1920களில் பதிவானது. மொத்தம் 50 வரிசைகள், இரண்டே நெடுவரிசைகள்: `speed` என்பது வேகம், மணிக்கு மைல் கணக்கில், `dist` என்பது கார் நிற்க எடுத்துக்கொண்ட தூரம், அடிக் கணக்கில். வேகம் 4 முதல் 25 வரை போகிறது. சராசரி வேகம் 15.4, சராசரி தூரம் 42.98 அடி.

எளிய தொடர்புப் போக்கு, அதாவது சிம்பிள் ரிக்ரெஷன், இந்தப் புள்ளிகளின் ஊடே பொருத்தும் கோடு இது:

```
dist = −17.58 + 3.932 × speed
```

வேகம் ஒரு மைல் கூடினால் நிற்கும் தூரம் சராசரியாக நாலடிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. 20ஐப் போட்டால் 61.07 அடி வருகிறது.

கோட்டை விட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எச்சத் திட்டப் பிழை. அதை s என்போம். இங்கே s = 15.38 அடி. ஒரு கார் கோடு சொல்லும் இடத்திலிருந்து 15 அடி முன்னேயோ பின்னேயோ நிற்பது இந்தத் தரவில் சாதாரண விஷயம். எந்த வண்டி, யார் ஓட்டினார், சாலை எப்படி இருந்தது, பிரேக் எந்த நிலையில் இருந்தது என்பதற்கெல்லாம் தரவில் நெடுவரிசை கிடையாது. அவற்றால் வரும் வேறுபாடு முழுவதும் இந்த 15.38க்குள் அடங்கிக் கிடக்கிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

இரண்டு இடைவெளிகளையும் எடுக்க நாலு வரி போதும்:

```r
m <- lm(dist ~ speed, data = cars)
x <- data.frame(speed = 20)
predict(m, x, interval = "confidence")
predict(m, x, interval = "prediction")
```

முதல் `predict` தருவது 55.25 முதல் 66.89 வரை, இரண்டாவது தருவது 29.60 முதல் 92.54 வரை. மாறியது ஒரே ஒரு சொல். இத்தனை பெரிய வித்தியாசம் இத்தனை சிறிய இடத்தில் ஒளிந்திருப்பதால்தான் தவறுவதும் எளிதாக இருக்கிறது.

கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி இது: 20 மைல் வேகத்தில் போகும் கார்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், அவை நிற்கும் தூரத்தின் சராசரி எங்கே இருக்கும்? இந்தச் சராசரி ஒரு நிலையான எண். நமக்குத் தெரியாது, ஆனால் அசையாமல் ஓரிடத்தில் இருக்கிறது. 50 பதிவுகளை வைத்து அதை மதிப்பிடுகிறோம். வேறு 50 பதிவுகள் கிடைத்திருந்தால் கோடு சற்று வேறு மாதிரி வந்திருக்கும். நம்பிக்கை இடைவெளி அளப்பது அந்த ஆட்டத்தை மட்டும்தான்.

இரண்டாவது கேள்வி: அடுத்து வரப்போகும் ஒரு கார், 20 மைல் வேகத்தில் பிரேக் போட்டால், எங்கே நிற்கும்? இங்கே தேடும் பொருள் நிலையான எண் அல்ல, இன்னும் நடக்காத ஒரு நிகழ்வு. உண்மையான சராசரியைத் தசமப் புள்ளி வரை யாராவது நமக்குச் சொல்லிவிட்டாலும்கூட, அந்தக் கார் அங்கேதான் நிற்கும் என்று சொல்ல முடியாது. அது தன் போக்கில் 10 அடி முன்னால் நிற்கலாம், 20 அடி தாண்டியும் நிற்கலாம்.

ஆக, இரண்டாவது கேள்வியில் தவறு நேர இரண்டு வழிகள் உண்டு. கோடே சற்று இடம் மாறி விழுந்திருக்கலாம், அது ஒன்று. அந்த ஒற்றைக் கார் கோட்டிலிருந்து விலகி நிற்கலாம், அது மற்றொன்று. முதல் கேள்வியில் இருப்பது முன்னதன் சிக்கல் மட்டும்.

கூட்டல் எப்படி நடக்கிறது

கணிப்புப் பிழை என்பது நிஜத்தில் நின்ற தூரத்திலிருந்து நாம் சொன்ன தூரத்தைக் கழித்தது. புதிய காரின் தனிப்பட்ட விலகல், பழைய 50 பதிவுகளால் உருவான கோட்டின் பிழையோடு தொடர்பில்லாதது. அந்தக் கார் கோட்டைப் பொருத்தும்போது தரவில் இல்லவே இல்லை. தொடர்பில்லாத இரண்டு பிழைகள் சேரும்போது அவற்றின் மாறுபாடுகள், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கங்கள், கூடுகின்றன. இதைச் சூத்திரமாக எழுதினால்:

```
சராசரிக்கு : s × sqrt( 1/n + (x0 − x̄)²/Sxx )
ஒற்றைக்கு  : s × sqrt( 1 + 1/n + (x0 − x̄)²/Sxx )
```

இதில் x0 நமக்கு வேண்டிய வேகம், x̄ சராசரி வேகம். Sxx என்பது ஒவ்வொரு வேகமும் சராசரி வேகத்திலிருந்து விலகிய அளவை வர்க்கமாக்கிக் கூட்டியது. இந்தத் தரவில் அது 1370.

இரண்டு வரிகளுக்கும் வேறுபாடு அந்த `1` மட்டுமே. அதுதான் புதிய காரின் சொந்த விலகல். 20 மைலுக்கு மற்ற இரண்டு உறுப்புகளும் எவ்வளவு என்று பார்ப்போம். 1/n என்பது 1/50, அதாவது 0.02. அடுத்தது, 20க்கும் 15.4க்கும் உள்ள வித்தியாசம் 4.6, அதன் வர்க்கம் 21.16, 1370ஆல் வகுத்தால் 0.0154. இரண்டையும் கூட்டினால் 0.0354. இதற்குப் பக்கத்தில் 1 வந்து உட்காருகிறது. 0.0354 எங்கே, 1.0354 எங்கே?

சராசரிக்கான திட்டப் பிழை 15.38 × √0.0354 = 2.90 அடி. ஒற்றைக் காருக்கு 15.38 × √1.0354 = 15.65 அடி. கோட்டில் இரண்டு எண்களை மதிப்பிட்டதால் 50 − 2 = 48க்கு உரிய t மதிப்பை எடுக்கிறோம்; 95 சதவீதத்துக்கு அது 2.01. பெருக்கினால் முதலாவது 61.07க்கு இருபுறமும் 5.82 அடி, இரண்டாவது இருபுறமும் 31.47 அடி. மென்பொருள் சொன்ன எண்கள் இங்கிருந்துதான் வந்தன.

கணிப்பின் மொத்த மாறுபாட்டில் கோட்டின் பிழைக்கு உரிய பங்கு 0.0354 / 1.0354, ஏறத்தாழ 3.4 சதவீதம். மீதி 96.6 சதவீதமும் ஒற்றைக் காரின் சொந்த விலகல். குறுகிய இடைவெளியைக் கொடுத்தவர் இந்த 3.4 சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டார் என்று பொருள்.

புள்ளிகளை எண்ணிப் பார்த்தால்

சூத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், தரவிலேயே சரிபார்க்கலாம். 20 மைல் வேகத்தில் ஐந்து பதிவுகள் இருக்கின்றன: 32, 48, 52, 56, 64 அடி. 55.25 முதல் 66.89 வரையிலான இடைவெளிக்குள் வருபவை 56ம் 64ம் மட்டுமே. "95 சதவீதம்" என்ற ஒட்டுச்சீட்டோடு வந்த இடைவெளி ஐந்தில் இரண்டைத்தான் பிடித்தது. 29.60 முதல் 92.54 வரையிலானது ஐந்தையும் பிடித்தது.

ஐந்து பதிவு போதாது என்பீர்கள், சரி. எல்லா வேகங்களுக்கும் இதே போல இரண்டு பட்டைகளையும் போட்டு 50 புள்ளிகளையும் எண்ணினேன். நம்பிக்கைப் பட்டைக்குள் இருப்பவை 17. வெளியே 33. அந்த 33இல் 13 புள்ளிகள் பட்டையின் மேல் விளிம்பைத் தாண்டியவை. அதாவது, முன்னால் விடவேண்டிய இடத்தை அந்த மேல் விளிம்பை வைத்து யாராவது தீர்மானித்திருந்தால், 50 முறையில் 13 முறை கார் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். நாலில் ஒன்றுக்கு மேல். 18 மைலில் மேல் விளிம்பு 58 அடி. அந்த வேகத்தில் ஒரு கார் 76 அடியிலும் ஒன்று 84 அடியிலும் நின்றிருக்கின்றன. 24 மைலில் விளிம்பு 85 அடி. அங்கே 92, 93, 120 என மூன்று கார்கள்.

கணிப்புப் பட்டைக்கு வெளியே இருப்பவை இரண்டே புள்ளிகள்: 14 மைலில் 80 அடி, 24 மைலில் 120 அடி. 50இல் 48 உள்ளே, 96 சதவீதம். இந்தப் புள்ளிகளே கோட்டையும் உருவாக்கியவை என்பதால் இதை முழுமையான சோதனை என்று சொல்ல மாட்டேன். புதிய வேகம் எதையும் கொடுக்காமல் `predict`-இடம் கணிப்பு இடைவெளி கேட்டால் R ஒரு எச்சரிக்கை தருவதும் இதனால்தான்: இந்த இடைவெளிகள் எதிர்கால மதிப்புகளுக்கானவை என்று அது நினைவூட்டுகிறது. ஆனால் 17க்கும் 48க்கும் உள்ள தூரம் இந்தச் சிறு குறையால் மறைந்துவிடாது.

இன்னொரு சந்தேகமும் எழலாம். 20 மைலில் உள்ள ஐந்து பதிவுகளின் சராசரி 50.4 அடி. அது நம்பிக்கை இடைவெளிக்கே வெளியே இருக்கிறதே? அந்த இடைவெளி இந்த ஐந்து கார்களின் சராசரிக்கானது அல்ல. 20 மைலில் போகும் எல்லாக் கார்களின் சராசரிக்கானது. ஐந்து கார்களின் சராசரியில் ஐந்து பேருடைய சொந்த விலகலும் ஓரளவு மிச்சம் இருக்கும். புதிதாக m கார்களின் சராசரியைக் கணிக்க வேண்டுமென்றால் சூத்திரத்தில் உள்ள `1`ஐ எடுத்துவிட்டு `1/m` போட வேண்டும். m = 5 என்றால் இருபுறமும் 15 அடி, 46 முதல் 76 வரை. m = 25 என்றால் இருபுறமும் 8.5 அடி. m கூடக் கூட நம்பிக்கை இடைவெளியை நெருங்குகிறது. நம்பிக்கை இடைவெளியும் கணிப்பு இடைவெளியும் இந்த ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள். இப்படிப் பார்ப்பது எனக்கு மிகவும் தெளிவு தந்தது, ஏனென்றால் "எந்த இடைவெளி சரி" என்ற கேள்வி "எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறீர்கள்" என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

அதேபோல, கேள்வி பாதுகாப்பு தூரத்தைப் பற்றியதென்றால் கீழ் விளிம்பில் யாருக்கும் அக்கறை இருக்காது. அப்போது ஒருபக்க இடைவெளி போதும். 2.01க்குப் பதில் 1.68 போட்டால் மேல் எல்லை 87 அடி வருகிறது. 67 அடி என்று எழுதியிருந்தவருக்கு 20 அடி குறைந்திருக்கிறது.

தரவைக் கூட்டினால் குறையுமா?

அகலமான இடைவெளியைப் பார்த்தவுடன் வரும் முதல் கோரிக்கை "இன்னும் தரவு சேகரியுங்கள்" என்பது. சராசரிக்கு அது பலிக்கும். ஒற்றைக் காருக்குப் பெரிதாகப் பலிக்காது.

இதே போன்ற வேகங்களில், இதே சிதறலோடு, 50க்குப் பதில் 200 பதிவுகள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 20 மைலில் நம்பிக்கை இடைவெளி இருபுறமும் 5.8 அடியிலிருந்து 2.9 அடியாகச் சுருங்குகிறது, நேர் பாதி. கணிப்பு இடைவெளியோ 31.5இலிருந்து 30.5 ஆகிறது. நாலு மடங்கு உழைப்புக்கு ஓர் அடிதான் கிடைத்தது. 5000 பதிவுகளுக்குப் போனால் முதலாவது 0.6 அடிக்கும் கீழே வந்துவிடும். இரண்டாவது 30.2இல் நின்றுவிடும். அதற்குக் கீழே போகாது, ஏனென்றால் 1.96 × 15.38 என்பது ஏறத்தாழ 30.1. சூத்திரத்தில் 1/n சுருங்கும், Sxx பெருகுவதால் அடுத்த உறுப்பும் சுருங்கும், ஆனால் அந்த `1` அப்படியே இருக்கும்.

குறைக்க வேண்டியது s-ஐ. அதற்கு வரிசைகளைக் கூட்டுவது உதவாது, நெடுவரிசைகளைக் கூட்ட வேண்டும்: வண்டியின் எடை, சாலை ஈரமா உலர்ந்ததா, பிரேக் எந்த வகை. கார்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்துவது எதுவோ அதை அளந்தால்தான் ஒற்றைக் காரைப் பற்றிய கணிப்பு கூர்மையாகும். பெரிய தரவை வைத்து வரைந்த படத்தில் கோட்டைச் சுற்றி மயிரிழை போன்ற பட்டை இருந்தால், அது மாதிரியின் கணிப்புத் திறனைக் காட்டுகிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது காட்டுவது கோடு எவ்வளவு உறுதியாக நிலைகொண்டிருக்கிறது என்பதை மட்டுமே.

இந்தக் குழப்பத்தில் படம் வரையும் கருவிகளுக்கும் பங்கு உண்டு. `ggplot2`-இன் `geom_smooth(method = "lm")` கோட்டைச் சுற்றிப் போடும் சாம்பல் நிறப் பட்டை சராசரிக்கான நம்பிக்கைப் பட்டை. `seaborn`-இன் `regplot` போடுவதும் அந்த வகைதான். கணிப்புப் பட்டை வேண்டுமென்றால் `predict` மூலம் எடுத்து நாமே வரைய வேண்டும். பைத்தானில் `statsmodels` இதை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது: `get_prediction(...).summary_frame()` தரும் அட்டவணையில் `mean_ci_lower`, `mean_ci_upper` என்பவை சராசரிக்கு, `obs_ci_lower`, `obs_ci_upper` என்பவை ஒற்றை மதிப்புக்கு. ஒரு படத்தில் எந்தப் பட்டை இருக்கிறது என்று குறிப்பு இல்லையென்றால் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. புள்ளிகளில் பாதிக்கு மேல் பட்டைக்கு வெளியே கிடந்தால் அது கணிப்புப் பட்டையாக இருக்க முடியாது.

பட்டையின் வடிவமும் ஒரு துப்பு. சராசரி வேகத்திலிருந்து தள்ளிப் போகப் போக இரண்டுமே அகலமாகும், ஆனால் நம்பிக்கைப் பட்டையில் அந்த இடுப்பு வளைவு நன்றாகத் தெரியும்: 15 மைலில் இருபுறமும் 4.4 அடி, 4 மைலில் 10.5 அடி. கணிப்புப் பட்டை 31.2 அடியிலிருந்து 32.7 அடிக்குத்தான் போகிறது. கண்ணுக்கு இரண்டு இணைகோடுகள் போலவே இருக்கும்.

கணிப்பு இடைவெளி தடுமாறும் இடம்

இதுவரை அகலமான இடைவெளியின் பக்கம் பேசினேன். அகலமாக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது. 4 மைல் வேகத்துக்குக் கணிப்பு இடைவெளி கேட்டுப் பாருங்கள்: −34.5 முதல் 30.8 அடி வரை. பிரேக் போட்ட கார் பின்னால் 34 அடி போய் நிற்காது. மாதிரி எங்கோ பொய் சொல்கிறது.

அந்தப் பொய் s-இல் இருக்கிறது. எல்லா வேகத்திலும் சிதறல் 15.38 அடிதான் என்று இந்த மாதிரி வைத்துக்கொள்கிறது. எச்சங்களைப் பார்த்தால் அப்படி இல்லை. 4 முதல் 9 மைல் வரை உள்ள ஆறு பதிவுகளும் கோட்டிலிருந்து அதிகபட்சம் 12 அடிதான் விலகியிருக்கின்றன. அங்கே இருபுறமும் 32 அடி விடுவது வீண். 24 மைலில் ஒரு கார் 43 அடி விலகியிருக்கிறது. அங்கே 32 அடி போதவில்லை. மெதுவான கார்களுக்கு அளவுக்கு மீறிய அகலம், வேகமான கார்களுக்குப் பற்றாக்குறை. மொத்தமாக எண்ணினால் 96 சதவீதம் என்று அழகாக வந்தது, ஆனால் அந்த மொத்தத்துக்குள் இரண்டு எதிரெதிர்ப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு இருந்தன. ஒரு கணிப்பு இடைவெளியைச் சோதிக்கும்போது மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல், வேகத்தை நாலைந்து பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எண்ண வேண்டும் என்பது இதனால்தான்.

சராசரிக்கான இடைவெளி இந்த விஷயத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சராசரி என்பது பல விலகல்களின் கலவை. தனித்தனி விலகல்கள் இயல்நிலைப் பரவலில் இல்லாவிட்டாலும் போதுமான தரவு இருந்தால் சராசரியின் பிழை இயல்நிலையை நெருங்கிவிடும். ஒற்றைக் காருக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் விலகல் எந்தப் பரவலிலிருந்து வருகிறதோ அந்தப் பரவலின் வால் பகுதியை இடைவெளி நேரடியாக நம்பியிருக்கிறது. தரவு எத்தனை கூடினாலும் இந்தச் சார்பு போகாது.

இந்தத் தரவுக்கு ஒரு நல்ல வைத்தியம், தூரத்தின் வர்க்கமூலத்துக்குக் கோடு பொருத்துவது. வேகம் கூடும்போது தூரத்தின் சிதறலும் கூடுவதை அது பெருமளவு சமன் செய்கிறது.

```
sqrt(dist) = 1.277 + 0.3224 × speed ,  s = 1.102
```

20 மைலில் கோட்டின் மதிப்பு 7.725, கணிப்பு இடைவெளி 5.47 முதல் 9.98. இரு முனைகளையும் வர்க்கமாக்கினால் ஏறத்தாழ 30 முதல் 100 அடி. 4 மைலில் 0 முதல் 24 அடி, எதிர்மறை எண் இல்லை. 24 மைலில் 45 முதல் 128 அடி. பழைய மாதிரியில் 109 அடியில் முடிந்த இந்த இடைவெளிக்குள் இப்போது 120 அடிக் காரும் வந்துவிட்டது. வெளியே மிஞ்சியிருப்பது 14 மைலில் 80 அடி போன அந்த ஒரே கார். அதைச் சரிக்கட்ட இன்னும் முயல மாட்டேன்; 50இல் ஒன்றிரண்டு வெளியே இருப்பதுதான் 95 சதவீதத்துக்கு நியாயம்.

தரவின் எல்லைக்கு வெளியே போகும்போது எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. முதல் மாதிரியில் 40 மைலைப் போட்டால் 140 அடி என்றும், கணிப்பு இடைவெளி 102 முதல் 177 என்றும் வரும். பிரேக் பிடித்த பின் கார் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது இயற்பியல். 25 மைலில் நின்றுபோன தரவில் பொருத்திய நேர்கோட்டுக்கு அது தெரியாது, இடைவெளிக்கும் தெரியாது. உறவு நேர்கோடுதான் என்று ஏற்றுக்கொண்ட பிறகு எஞ்சும் ஐயத்தை மட்டுமே இரண்டு இடைவெளிகளும் அளக்கின்றன.

வர்க்கமாக்கும்போது ஒரு கவனம்

வர்க்கமூல மாதிரியில் கணிப்பு இடைவெளியின் முனைகளை வர்க்கமாக்கியது சரியான செயல். ஒரு கார் நின்ற தூரத்தின் வர்க்கமூலம் 5.47க்கும் 9.98க்கும் இடையே இருந்தால், தூரம் அவற்றின் வர்க்கங்களுக்கு இடையேதான் இருக்கும். ஒற்றை மதிப்பு என்பதால் இது தானாகவே பொருந்துகிறது.

நம்பிக்கை இடைவெளிக்கு அப்படிச் செய்ய முடியாது. அங்கே மதிப்பிட்டது வர்க்கமூலங்களின் சராசரியை. சராசரியின் வர்க்கமும் வர்க்கங்களின் சராசரியும் ஒன்றல்ல. 7.725இன் வர்க்கம் 59.7 அடி, விலகல்கள் இருபுறமும் சமச்சீராக இருக்கும் என்று கொண்டால் இது நடுக்கோட்டுத் தூரம், அதாவது பாதிக் கார்கள் இதற்குள் நின்றுவிடும். சராசரித் தூரம் வேண்டுமென்றால் அதோடு s-இன் வர்க்கமான 1.2ஐக் கூட்ட வேண்டும்: 60.9 அடி. முதல் மாதிரி சொன்ன 61.07க்கு மிக அருகில் வந்துவிட்டது. இந்தத் தரவில் வித்தியாசம் ஓர் அடிதான், விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. வர்க்கமூலத்துக்குப் பதில் மடக்கை எடுத்து, சிதறலும் பெரிதாக உள்ள தரவுகளில் இதே வித்தியாசம் மொத்தத் தொகைகளையே கவிழ்த்துவிடும். அங்கே கணிப்பு இடைவெளியின் முனைகளை நேராகத் திருப்பிக்கொள்ளலாம். சராசரிக்கான மதிப்பையும் அதன் இடைவெளியையும் திருத்திய பிறகே எழுத வேண்டும்.